ஏழாம் நாளுக்கு வாங்கிய கிடா

எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் அந்த வாரம் கட்டிக் கிடந்த செம்மறிக்கிடாவின் கொம்பு இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. அது கத்தினால் எங்கள் ஊர் ஸஃபியின் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள் பதிலுக்கு ஊதும். என் மனைவி மஹ்ஜூபாவைக் கேட்டால், "சாதாரணக் கிடா, கொஞ்சம் சளி பிடிச்சது" என்பாள். அவளை நம்பாதீர்கள். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் கதைகளில் காற்றைப் பிடுங்கி விடுவதே அவளுக்கு வேலை.

கிடா மூன்றாம் மாடி ஜவாதுடையது. அவன் மனைவி நுஸ்ஹாவுக்கு வெள்ளிக்கிழமை காலை ஆண் குழந்தை பிறந்தது. அன்று மத்தியானமே சந்தைக்கு ஓடி, கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்துவிட்டான் அந்தப் பைத்தியக்காரன். ஏழாம் நாள் கிடாவின் கழுத்தில் கத்தி வைக்கும்போதுதான் எங்களில் பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்வது. அதுவரை பெயர் யார் வாயிலும் வரக்கூடாது, கண் பட்டுவிடும். நுஸ்ஹா ஒரு படி மேலே போனாள். பெயரை அவளே தேர்ந்தெடுத்து, புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"ஒரு எழுத்தாவது சொல்லுடின்னு கெஞ்சினேன் ஹாஜி. ஏழாம் நாள் காதைத் தொறந்து வச்சுக்கோங்கறா" என்று சிரித்தான் ஜவாத். நான் மக்காவுக்குப் போனவன் இல்லை. எங்கள் ஊரில் பல் விழுந்தவன் எல்லாம் ஹாஜிதான்.

பகலில் வீட்டில் கிடக்கும் ஒரே ஆண்பிள்ளை நான் என்பதால் கிடாவுக்குப் புல் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் மத்தி மீன் எடை போட்டவன் நான். வேலையில் ஒரு கிராம் கூட்டிச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்துதான் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். என்ன ஆனந்தம் தெரியுமா அது! என் கதையில் எல்லா அலையும் மசூதிக் கோபுர உயரம். எல்லா நாயும் ஓநாய்.

ஆனால் அந்த வாரம் எனக்கு வந்த பயம் மட்டும் உள்ள அளவுதான். அதைக் கூட்டிச் சொல்ல இடமே இல்லை.

குழந்தை ஒன்றரை மாதம் முந்திப் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்ததாலும் ரத்த அழுத்தம் எகிறியதாலும் நுஸ்ஹா கீழ்மாடிக் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜவாத் மட்டும் தினம் ஒருமுறை மேலே போய், கையைக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு பார்ப்பான். பெட்டியில் கை நுழைக்க வட்டமாக ஒரு கதவு உண்டாம். அதில் வாயை வைத்துத்தான் பிள்ளையின் காதுக்குப் பாங்கு சொன்னானாம். பிறகு போனில் படம் எடுத்துக் கீழே கொண்டுபோய் அவளிடம் காட்டுவான். படத்தில் பிள்ளையைவிடக் குழாயும் பிளாஸ்திரியும்தான் அதிகம்.

திங்கட்கிழமை காலை நான் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. ஜவாத் நின்றான். செருப்பு இரண்டும் வேறு வேறு.

"ஹாஜி, பையன் போயிட்டான். என்கூட வர ஒரு ஆள் வேணும்."

கோட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

போகும் வழியில்தான் தெரிந்தது, நுஸ்ஹாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்று. "அழுத்தம் இன்னும் இறங்கல, அடக்கம் முடிச்சிட்டு மெதுவாச் சொல்லலாம்னு உம்மா சொல்றாங்க" என்றான். உம்மா என்றால் அவன் தாய் லல்லா தாமு. அந்தப் பெண்மணி ஒன்று சொன்னால் துறைமுக அலையும் ஒதுங்கிப் போகும். இது கூட்டிச் சொன்னதில்லை.

எங்களில் பிறந்து ஒருமுறை அழுத பிள்ளையென்றால் பெரிய மனுஷனுக்கு உண்டான எல்லாமே அதற்கும் உண்டு. குளிப்பாட்ட வேண்டும், கஃபன் துணி சுற்ற வேண்டும், தொழுகை வைக்க வேண்டும், கப்ருக் குழியில் வைக்க வேண்டும். ஆனால் அதற்குமுன் நகராட்சிக்குப் போயாக வேண்டும். பிறப்பே பதியாத பிள்ளையின் இறப்பைப் பதிய முடியாது. இறப்புப் பதியாமல் அடக்கச் சீட்டு கிடையாது. ஆகவே முதலில் பிறந்ததாக எழுதிவிட்டு, அதே மேஜையில், அதே பேனாவால், இறந்ததாக எழுத வேண்டும்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எங்களை வரிசையில் நிற்க விடவில்லை. தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த நேரம் எல்லாம் எழுதினான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்:

"பேரு?"

ஜவாத் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவனுக்குத் தெரியாதே! தெரிந்தவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அவளைக் கேட்க வேண்டுமானால் ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

"மகனே, பேரு இல்லாம இந்தக் கட்டம் மூடாது" என்றான் குமாஸ்தா மெதுவாக. "மத்தியான லுஹர் தொழுகைக்குள்ள சீட்டு வேணும்ல? பேரு?"

இங்கேதான் நான் பாவம் செய்தேன். முப்பத்தைந்து வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு படகும் வந்ததும் "பேரு?" என்று கேட்டவன் நான். படகுக்காரன் குடித்துவிட்டோ அசந்தோ நின்றால் நானே படகின் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்வேன். காத்துக்கொண்டிருக்கும் பேனாவைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. என் மூளையைக் கேட்காமல் என் வாய் சொல்லிவிட்டது:

"மன்ஸூர்."

மன்ஸூர் என்பது ஒரு பழைய மத்திப் படகு. எல்லாப் படகும் வந்து போனபிறகு கடைசியாக வரும்.

ஜவாத் என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. பேனா ஓடியது. முத்திரை இரண்டு முறை விழுந்தது. ஒரு தாய் மாதக்கணக்காக வாய்க்குள் பொத்தி வைத்திருந்த பெயரின் இடத்தில், நான் ஒரு படகைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன்.

அடக்கம் அன்றே முடிந்தது. அடக்கம் செய்யும் மையவாடியை ஒட்டிய குளிப்பாட்டும் அறையில் வெந்நீரைப் பச்சைத் தண்ணீர் கலந்து இளஞ்சூடாக்கி வைத்திருந்தார் குளிப்பாட்டுகிறவர். ஜவாத் வாசல்வரை வந்தான், உள்ளே வர முடியவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றுவிட்டான். ஆகவே என் இரண்டு கையில்தான் பிள்ளை கிடந்தது. அவர் மூன்று முறை தண்ணீர் வார்த்தார், கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்திருந்தார். பிளாஸ்திரி ஒட்டிய இடங்களில் தோல் உரிந்துவிடாமல் விரலால் தண்ணீரைத் தடவித் தடவி எடுத்தார். அவ்வளவு பெரிய கைக்கு அவ்வளவு நிதானத்தை நான் பார்த்ததில்லை. துவட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கட்டினார்.

சுமந்து போகும் சந்தூக்குப் பெட்டி தேவைப்படவில்லை. ஜவாதே இரண்டு கையில் ஏந்திக்கொண்டு போனான். லுஹர் முடிந்து மசூதியில் இருந்தவர்கள் எல்லாம் நின்றுகொண்டே தொழுதார்கள். குனியும் ருகூவும் இல்லை, நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதும் இல்லை, 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் நான்கு முறை மட்டும். "இவனைப் பெற்றோருக்கு முன்னே போய்க் காத்திருப்பவனாக ஆக்கு" என்று இமாம் துஆ கேட்டார். குழந்தைகளின் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு வெட்டிய குழி. வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தை மக்காவின் திசையான கிப்லாவுக்குத் திருப்பி, கல் மூடி, மண் போட்டோம். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது வேறொருவன் தன் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போனார் ஒரு கிழவர்: "அல்லாஹ் இதுக்குப் பதிலு ஒண்ணு தருவான்."

சாயங்காலம் ஜவாத் ஆஸ்பத்திரிக்குப் போய் நுஸ்ஹாவிடம் சொன்னான். பிள்ளை போய்விட்டான் என்று சொன்னான். அடக்கம் ஆகிவிட்டது என்று சொன்னான். பெயர் பதிந்ததைச் சொல்லவில்லை. பிறப்பும் இறப்பும் பதிந்து கொடுத்த குடும்பக் கையேட்டை அலமாரிக்கு மேலே, மழைக்காலப் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான்.

"நான் எப்படிச் சொல்றது ஹாஜி? 'உன் பையன் பேரை மாடிவீட்டுக் கெழவன் வச்சிட்டான்'னா?"

"சொல்லாதடா! சொல்லவே சொல்லாத!" என்றேன் நான். உங்களிடம் மறைப்பானேன், கை கூப்பியே சொன்னேன்.

செவ்வாயும் புதனும் மூன்றாம் மாடியில் லல்லா தாமுவின் அரசாங்கம் நடந்தது. தொட்டில் போனது. துணி மூட்டை போனது. எள்ளும் பாதாமும் வறுத்து இடித்த ஸெல்லு இனிப்பு ஒரு தட்டம் நிறையச் செய்து வைத்திருந்தாள் நுஸ்ஹாவின் தங்கை. அதையும் லல்லா தாமு வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டாள். மாடிமாடியாக ஏறி உத்தரவு போட்டாள்: "யாரும் வரவேண்டாம். யாரும் பிள்ளைன்னு பேச்செடுக்க வேண்டாம். அது சொர்க்கத்துப் பறவை, பறந்திருச்சு. அவ சின்னவ, அடுத்த வருஷம் இன்னொண்ணு பெத்துக்குவா. ஹாஜி, அவ வியாழக்கிழமை வர்றா. அந்தக் கிடா அதுக்குள்ள கீழ இறங்கணும். சத்தம்கூட அவ காதுல விழக்கூடாது."

மஹ்ஜூபா மட்டும் உத்தரவை மதிக்கவில்லை. புதன்கிழமை கோஸ் இலை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அங்க சமைக்கப் போறியா?" என்றேன்.

"பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் கெடக்கு அந்தப் பொண்ணுக்கு. பிள்ளை போனது மூளைக்குத் தெரியுது, பாலுக்குத் தெரியுமா? இலையைக் குளிர வச்சுக் கட்டினாத் தாங்கும்." வாசலில் நின்று திரும்பினாள். "ஏ மனுஷா, அவ வந்ததும் நீ போய் ஆறுதல் சொல்லணும். பிள்ளையைக் கடைசியாத் தூக்கினவன் நீ."

"லல்லா தாமு வேணாம்னு சொல்லிட்டாளே."

"ஊர்ல எவன் சொல்லையும் கேக்காதவன், இப்ப மட்டும் கேப்பியா?"

பெயர் விஷயத்தை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். இருபது நிமிஷம் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

"நீயே சொல்லிடு" என்றாள். "பேப்பர் அவ கையில கெடைக்கறதுக்கு முன்னாடி. இல்லேன்னா அவ சாகற வரைக்கும் உன்னை மன்னிக்கமாட்டா."

அன்றைக்கு எனக்கு ரொட்டி இறங்கவில்லை. மேலே கிடா காலால் தரையைத் தட்டும்போதெல்லாம் யாரோ என் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு வருவார்கள் என்றான் ஜவாத். மூன்று மணிக்கே மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். தோளில் ஏறி வந்த கிடாவுக்குப் படி இறங்கத் தெரியவில்லை. முதல் படியில் நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டது. நான் கொம்பைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்தது. கெஞ்சினேன், வைதேன், பாட்டனார் முறை சொல்லிக் கூப்பிட்டேன். நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. சிங்கத்தோடு சண்டை போட்டவனைப்போல் நான் வியர்த்து நின்றபோது, கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, காலடிச் சத்தம் ஏறி வந்தது.

திரும்பி ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. கிடாவின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினேன்.

முதலில் லல்லா தாமுவின் தலை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவள் பின்னால், ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் தையல் போட்ட வயிற்றையும் தாங்கிக்கொண்டு, நுஸ்ஹா. அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஜவாத்.

கிடா தலையை உதறியது. கத்தியது. கட்டடம் முழுக்க எதிரொலித்தது. கீழ்மாடிகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்து, உடனே மூடும் சத்தம் கேட்டது.

நுஸ்ஹா நின்றாள். கிடாவைப் பார்த்தாள். எத்தனை நேரம் பார்த்தாள் என்று கேட்காதீர்கள். எனக்கு அது ஒரு ரமலான் மாதம்.

"இன்னிக்கு ஏழாம் நாள்" என்றாள்.

"உள்ள வாம்மா, உள்ள வா" என்று அவள் கையைப் பிடித்தாள் லல்லா தாமு. "ஹாஜிக்கு அறிவில்ல. அந்தப் பக்கம் பார்க்காத."

"எங்க கொண்டுபோறீங்க இதை, ஹாஜி?"

"சும்மா... காத்தாட, மகளே. நடக்கணும்ல அதுவும்" என்றேன். அறுபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன பொய்களிலேயே கேவலமான பொய் அது.

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "மேலயே கட்டுங்க" என்றாள். "கட்டிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. உங்ககிட்டக் கேக்கணும்."

கேட்கணும்! கிடாவோ, அதுவரை அடம் பிடித்த துரோகி, கல்யாண மாப்பிள்ளைபோல் டக்டக்கென்று மேலே ஏறிப்போனது.

நான் மாடியில் கயிற்றை மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தேன். மஹ்ஜூபா படியில் நின்றுகொண்டிருந்தாள், ஓடிவிடாமல் பிடிக்க.

உள்ளே போனபோது நுஸ்ஹா தாழ்வான மெத்தையில் சாய்ந்திருந்தாள். லல்லா தாமு சமையலறை வாசலில் தேநீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு காவலுக்கு நின்றாள். ஜவாத் என் கண்ணைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் மரணவீட்டுக்குப் போனால் சொல்லும் வார்த்தை இருக்கிறது: பரக்கத், அதாவது இறையருள், இனி உங்கள் தலையில் இருக்கட்டும். அதற்கு வீட்டார், உங்களுக்கு ஒரு கெடுதியும் வராமல் இருக்கட்டும் என்பார்கள். அந்தப் பதில் வார்த்தையை அவள் சொல்ல நான் எந்த முகத்தோடு கேட்பது?

அவளே ஆரம்பித்தாள். "பதிலு ஒண்ணு தருவான்னு சொல்லிடாதீங்க ஹாஜி. ஆஸ்பத்திரியில தரை தொடைக்கறவங்க வரைக்கும் சொல்லிட்டாங்க. பானை ஒடஞ்சாலும் அதைத்தான் சொல்றாங்க."

"சொல்லமாட்டேன், மகளே."

"நீங்கதான் குளிப்பாட்டும்போது கூட இருந்தீங்களாம். இவர் வெளியே நின்னுட்டாராம்."

"ஆமா."

"அப்ப குழாய் இல்லாம அவன் மூஞ்சியப் பார்த்தது நீங்கதான். எனக்குப் படத்துல மூக்குகூடத் தெரியல. எப்படி இருந்தான்? கூட்டிச் சொல்லாதீங்க. நிலா மாதிரி, சொர்க்கத்து மலக்கு மாதிரின்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"அவகிட்ட இதையெல்லாம்..." என்று லல்லா தாமு முன்னால் வந்தாள். மஹ்ஜூபா அவள் கையிலிருந்து தேநீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "நில்லு, லல்லா" என்றாள்.

நான் சொன்னேன். நிலா என்ற சொல் இரண்டு முறை தொண்டைவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "ஒரு கிலோ எழுநூத்தி நாப்பது இருப்பான். என் கை தப்பாது. மூக்கு தட்டை. ஜவாதுக்கு இருக்கற மாதிரி. வலது காது மடங்கி இருந்துச்சு, குளிப்பாட்டினவரு விரலால எடுத்துவிட்டாரு, திரும்ப மடங்கிக்கிச்சு. தலைமுடி கொஞ்சம், பின்னால மட்டும், கருப்பு. மேல் உதட்டுல பிளாஸ்திரி ஒட்டின இடம் சிவந்திருந்துச்சு. முதுகுலயும் தோள்லயும் பூனை ரோமம். கை ரெண்டும் மூடியிருந்துச்சு. வலியில மூடின மாதிரி இல்ல. சும்மா மூடியிருந்துச்சு."

"தண்ணி?"

"வெதுவெதுப்பு. நானே முழங்கையால தொட்டுப் பார்த்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கடமை முடிந்துவிட்டது, எழுந்து தப்பித்துவிடலாம் என்று என் கால் இரண்டும் ஒரே நேரத்தில் நினைத்தன.

"பேரு கேட்டிருப்பாங்களே" என்றாள் கண்ணைத் திறக்காமல். "சீட்டு எழுதும்போது. என்ன சொன்னார் இவர்?"

ஜவாத் அலமாரிக்கு மேலே பார்த்தான். மாட்டிக்கொண்ட திருடன்கூட அவ்வளவு நேராக ஒளித்த இடத்தைப் பார்க்கமாட்டான்.

"அவன் சொல்லல, மகளே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் சொன்னேன். குமாஸ்தா கேட்டான், இவனுக்கு வாய் வரல, என் வாய் தானா சொல்லிடுச்சு. மன்ஸூர். அது ஒரு படகோட பேரு. என்னை மன்னிச்சிடு."

நுஸ்ஹா கண்ணைத் திறந்தாள். அவளுடைய குனிந்த தலையைத்தான் நான் ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்று நிமிர்ந்து பார்த்தாள்.

"படகா?"

"ஆமா."

"நான் செத்தா போயிருந்தேன்?" என்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். "ஒரு மாடி கீழதான் படுத்திருந்தேன். ஒரு மாடி! தூக்கிட்டு வந்து காட்டியிருக்கலாம். பேர் என்னடின்னு கேட்டிருக்கலாம். அழுத்தம் ஏறியிருக்கும். ஏறட்டுமே! அவனைக் குளிப்பாட்டினது ஊரான். தொழுதது ஊரான். பேர் வச்சதும் ஊரான். நான் என்னதான் செஞ்சேன் அவனுக்கு? வயித்துல வச்சிருந்தேன், அவ்வளவுதானா?"

யாருக்குச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. லல்லா தாமு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் நல்லதுக்குத்தான்டி" என்றாள். குரலில் அரசாங்கம் இல்லை. "எனக்கும் அப்படித்தான் பண்ணினாங்க. ரெண்டு. ரெண்டுக்கும் பேரே வைக்கல. எங்க பொதைச்சாங்கன்னு கேட்டதுக்கு, சாப்பிடுன்னு சூப்பைக் கொடுத்தாங்க. நான் சாப்பிட்டேன்."

ஜவாத் தன் தாயை முதல் முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். அவனுக்கே தெரியாத இரண்டு.

நான் தரைவிரிப்பின் பூக்களை எண்ணினேன். எழுநூறு பூ. கடைசியில் நுஸ்ஹா ஜவாதிடம் சொன்னாள்: "பெரியவங்க யாராவது செத்தா மூணாம் நாள் சோறு போடுவோம்ல, கப்ருக்குச் சோறுன்னு. இவனுக்கு ஏன் போடல?"

"சின்னப் பிள்ளைக்குப் போடறது வழக்கம் இல்லையே. மூணு நாளும் முடிஞ்சிருச்சு..."

"எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். கிடாவை இன்னிக்கு அறுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் ஆக்குங்க. மாடிமாடியாச் சொல்லிவிடுங்க, துக்கத்துக்கு வரணும்னு. வர்றவங்க எங்கிட்டப் பேசணும்."

ஜவாத் மசூதி இமாமிடம் ஓடினான். ஏழாம் நாளுக்கு முன் இறந்த பிள்ளைக்கு அந்தக் கிடா கடமையில்லை, விலகிவிட்டது; ஆனால் தருமமாக அறுத்துப் போடுவதை யார் தடுப்பது என்று சொன்னாராம். அந்தி சாய்வதற்குள் மாடியில் அறுத்தோம். பெயர் சொல்லவில்லை. கத்தியைப் பிடித்த ஜவாத் பிஸ்மில்லா மட்டும் சொன்னான். எனக்கு அந்தக் கிடாமேல் ஒரு வாரப் பழக்கம். அழுதேன். கிடாவுக்காகத்தான் அழுகிறேன் என்று மஹ்ஜூபாவிடம் சொன்னேன். "அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் ஜுமுஆத் தொழுகை முடிந்ததும் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து போட்டார்கள். முதலில் யாரும் வரவில்லை. கோதுமை ரவைக் கூஸ்கூஸின் ஆவி படியெல்லாம் இறங்கிப்போய் ஒவ்வொரு கதவாகத் தட்டியது, ஆனாலும் வரவில்லை. என்ன பேசுவது என்ற பயம் எல்லோருக்கும். எனக்கு அந்தப் பயத்தின் எடை தெரியுமாதலால், நானே மாடிமாடியாகப் போனேன். "ஒண்ணும் பேசவேண்டாம். 'பரக்கத் உங்க தலையில'ன்னு சொல்லு, உக்காரு, சாப்பிடு. அவ கேட்டா பதில் சொல்லு. 'பதிலு தருவான்'னு மட்டும் சொன்னே, உன் தட்டுல கொம்பை வைப்பேன்."

வந்தார்கள். வந்தவர்களின் வரிசை துறைமுகம்வரை நின்றது என்று சொல்ல ஆசைதான். பதினெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் நுஸ்ஹா பதில் சொன்னாள்: உங்களுக்கு ஒரு கெடுதியும் வராமல் இருக்கட்டும். ஒருத்தி தயங்கித் தயங்கி, "பிள்ளைக்குப் பேரு..." என்று இழுத்தாள். நான் தட்டுக்குள் தலையைப் புதைத்தேன்.

"மன்ஸூர்" என்றாள் நுஸ்ஹா. "பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

சாயங்கால அஸ்ர் தொழுகைக்குப் பிறகு நுஸ்ஹா போர்வையைப் போர்த்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "மையவாடிக்குக் கூட்டிட்டுப் போங்க ஹாஜி. இவரும் வருவார். ஆனா எந்த இடம்னு நீங்கதான் காட்டணும். இவர் அன்னிக்கு எதையும் பார்த்திருக்கமாட்டார்."

மறுபடியும் பயம் பிடித்தது. குழந்தைகளின் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி மண்மேடு. நான்கு நாளில் இன்னும் எத்தனை வந்திருக்குமோ! டாக்ஸியில் ஏறினோம். இடம் தப்பினால்? யாரோ ஒருவர் பிள்ளையின் முன்னால் இவளை உட்கார வைத்தால்?

புதிதாக மூன்று மேடுகள் இருந்தன. முதலாவது இல்லை, அதன் மண் இன்னும் ஈரம். மற்ற இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது ஒன்றைக் காட்டிவிடு, அவளுக்கா தெரியப்போகிறது என்றது என் பழைய வாய்.

"மகளே, ரெண்டுல ஒண்ணு. எதுன்னு எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியல" என்றேன். "காவலாளியைக் கேட்டு வர்றேன். நில்லு."

காவலாளி வந்தார். சுவரிலிருந்து வரிசையை எண்ணிக்கொண்டே வந்து, இடப்பக்கத்து மேட்டைக் காட்டினார். "திங்கக்கிழமை, லுஹருக்குப் பின்னாடி. தகப்பனே தூக்கிட்டு வந்தாரு. நான்தான் வெட்டினேன்." ஜவாத் தலையாட்டினான். அவனுக்கு நினைவு வந்துவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நுஸ்ஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு முழங்காலை, பிறகு மறு முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். உள்ளங்கையை மேட்டின்மேல் வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றாள்.

"நானுமா?" என்றான் ஜவாத்.

"நீங்களும்."

தள்ளிப் போனோம். அவள் குனிந்து, தலைமாட்டில் வாயை வைத்தாற்போல், ஏதோ சொன்னாள். ஒரே ஒரு சொல். இரண்டாம் முறையும் அதையே சொன்னதுபோல் இருந்தது. காற்று கடல் பக்கமிருந்து அடித்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஜவாத் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அவனுக்கும் கேட்கவில்லை, கேட்க முயற்சியும் செய்யவில்லை.

இதுவரை என்னிடம் இருபது பேர் விசாரித்துவிட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்று. எனக்குத் தெரியாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்கள், பாவம், வேறென்ன செய்வார்கள்.